லீவ் பேலன்ஸ் டேபிள்: எடுத்த நாளை கையால போடுறதா, பதிவுல இருந்து இழுக்குறதா?

ஃபேக்டரி எச்ஆர்ல இருக்குறவங்க லீவ் டேபிளை ரெண்டு விதமா வச்சிருப்பாங்க. முதல் வகைல ஆளுக்கு ஒரு வரி, கேரி ஃபார்வர்ட், இந்த வருஷ உரிமை, எடுத்தது, மீதின்னு நாலு காலம், யாராவது லீவ் போட்டா எடுத்தது காலத்துல 5ஐ அழிச்சுட்டு 6ன்னு அடிச்சிடுவாங்க. ரெண்டாவதுல ஒவ்வொரு லீவும் பதிவுன்னு ஒரு தனி ஷீட்ல தேதியோட ஒரு வரியா ஏறும், எடுத்த நாளை ஃபார்முலா கூட்டிக்கும்:

```
=SUMIFS(Leave2025!D:D,Leave2025!A:A,A2,Leave2025!C:C,"EL",Leave2025!E:E,"Approved")
```

பத்து பேர் இருக்குற இடத்துல முதல் வகையே போதும், வேகமா முடியும். ஆனா ஒருத்தர் வந்து "சார், எனக்கு ரெண்டு நாள் குறையுதே"ன்னு கேட்டா அதுல காட்ட ஒண்ணுமே இருக்காது, வெறும் 6 தான் இருக்கும். பதிவுல அவர் நம்பரை ஃபில்டர் பண்ணா தேதி தேதியா வந்துடும், அங்கயே பேச்சு முடிஞ்சிடும்.

டிசம்பர் கணக்குல வித்தியாசம் இன்னும் பெருசு. ஒரு தொழிலாளியை எடுத்துப்போம். போன வருஷம் 280 நாள் வேலை, 20 நாளுக்கு ஒண்ணுன்னா உரிமை 14, கேரி ஃபார்வர்ட் 22, எடுத்தது 5, மீதி 31. அடுத்த வருஷத்துக்கு 30 தான் போகும்னு சட்டம் சொல்றதால எல்லாரும் `=MIN(30,E2)` போட்டு அந்த ஒரு நாளை வெட்டிடுவாங்க. ஆனா அவர் நவம்பர்ல 3 நாள் கேட்டு, புரொடக்‌ஷன் நெருக்கடின்னு நாம கொடுக்கலன்னு வைங்க, மறுத்த லீவுக்கு அந்த 30 வரம்பு கிடையாது, அதனால 31ம் போகணும். முதல் டேபிள்ல மறுத்ததை எழுதவே இடமில்ல, அந்த நாள் அப்படியே காணாம போயிடும், தொழிலாளிக்கு அது சம்பள நாள் ஆச்சே. பதிவுல "Refused"ன்னு ஒரு வரி நிக்கும், வருஷக் கடைசில அதை பார்த்து கையால சேர்த்துடலாம்.

பதிவு முறைலயும் ஓட்டை உண்டு. EL அடிச்சு பின்னாடி ஒரு ஸ்பேஸ் விழுந்தா SUMIFS அந்த வரியை சத்தமில்லாம விட்டுடும், மீதி கூடுதலா காட்டும். அதுக்கு டேட்டா வேலிடேஷன்ல லிஸ்ட் போட்டுடுங்க, மாசம் ஒரு தடவை பதிவுல EL, Approved ரெண்டையும் Contains வச்சு ஃபில்டர் பண்ணி வர்ற மொத்த நாளும் டேபிள்ல எடுத்தது காலத்தோட மொத்தமும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. டிசம்பர் 30ல ஆரம்பிச்சு ஜனவரி 2 வரைக்கும் போற லீவை ரெண்டு வரியா பிரிச்சு அந்தந்த வருஷ ஷீட்ல ஏத்தணும்.

அம்பது பேருக்கு மேலன்னா நான் பதிவு முறையைத்தான் சொல்வேன். நடு வருஷத்துல மாறுறவங்க பழசை எல்லாம் தோண்ட வேண்டாம், அதுவரை எடுத்த மொத்தத்தை ஆளுக்கு ஒரே வரியா ஏத்தி கையெழுத்து வாங்கிட்டு, அடுத்த லீவுல இருந்து தேதியோட எழுத ஆரம்பிக்கலாம்.