கைக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது

1953-இல் வலிப்பு நோய்க்காக ஹென்றி மொலைசனின் மூளையில் இருபுறமும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் பெரும்பங்கை அகற்றினார்கள். அதன்பின் நடந்தது எதுவும் சொல்லும்படியாக அவர் நினைவில் தங்கவில்லை. ஆனால் உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு வைத்த சோதனையைப் பாருங்கள்: கண்ணாடியில் மட்டும் பார்த்து, நட்சத்திரத்தின் இரட்டைக் கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். மூன்று நாட்களில் தவறுகள் வெகுவாகக் குறைந்தன. முதல் நாள் கற்றது மறுநாளும் கையில் இருந்தது. செய்த ஞாபகம்தான் துளியும் இல்லை.

நிகழ்வையும் தகவலையும் பதிய ஹிப்போகேம்பஸ் வேண்டும். பல சமயம் ஒரே தடவையில் பதிந்துவிடும். பழகிப் பழகி வரும் திறமைகளின் நினைவான செயல்முறை நினைவோ, மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டம், பின்புறமுள்ள சிறுமூளை ஆகியவை வழியாகத் தவறைத் திருத்தித் திருத்தி மெதுவாகச் சேர்கிறது. அந்த வழியை அறுவை சிகிச்சை தொடவில்லை.

ஹண்டிங்டன் என்ற பரம்பரை மூளை நோயின் தொடக்கத்தில் இது ஏறக்குறைய தலைகீழ். ஸ்ட்ரையேட்டம் பழுதாவதால், பயிற்சி செய்தது நினைவிருக்கும். திறமைதான் சரியாக ஏறாது.