பிளோ டிரை படமா, தானாகக் காய்ந்த முடியின் படமா?

வாடிக்கையாளர்களை, முடி வெட்ட வருவதற்கு முன்பு வாட்ஸப்பில் படம் அனுப்பச் சொல்வது என் வழக்கம். பெரும்பாலோர் அனுப்புவது ஏதாவது விசேஷத்துக்கு பிளோ டிரை செய்த படம். முகவெட்டையும் பிடித்த நீளத்தையும் அதில் பார்க்கலாம், அவ்வளவுதான். வெட்டை முடிவு செய்ய எனக்குத் தேவை, தலைக்குக் குளித்து எதுவும் பூசாமல், சீப்பு வைக்காமல், தானாகக் காய்ந்த முடியின் படம்.

காரணம் சுருள். நனைந்ததும் முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் விடுபட்டு, காயும்போது எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே மறுபடி சேர்கின்றன. பிரஷால் இழுத்து உலர்த்தினால் நேராக நிற்பது அதனால்தான். சிங்கப்பூர் ஈரக்காற்றில் எம்ஆர்டி வரை நடந்தாலே அது கலையத் தொடங்கிவிடும். வீட்டில் தினமும் வாடிக்கையாளர் சீவப்போவது இந்தக் கலைந்த முடியை.

ஈசூனிலிருந்து ஒரு அக்கா தாடை அளவு பாப் வெட்டு கேட்டார். பிளோ டிரை படத்தில் நேரான, கனத்த முடி. காய்ந்த படத்திலோ காதுக்குக் கீழே எஸ் வடிவ அலை, நுனி ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் மேலே ஏறியிருந்தது. தாடைக்கு வெட்டினால் கன்னத்தில் போய் நிற்கும். அதனால் தாடைக்கு நான்கு சென்டிமீட்டர் கீழே வெட்டலாம் என்றேன்.

அடர்த்திக்கு வகிட்டை மேலிருந்து, ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கச் சொல்வேன். எண்ணெய் தேய்த்த முடியும் ஈர முடியும் கற்றை கற்றையாக ஒட்டிக்கொள்வதால், நல்ல அடர்த்தி உள்ளவருக்கும் மண்டை தெரியும். அக்காவின் வகிடு ஒரு கோடு போலத்தான் இருந்தது.

இழையின் தடிமனை மட்டும் எந்தப் படமும் சரியாகச் சொல்லாது. நிறைய மெல்லிய இழைகளும் குறைவான தடித்த இழைகளும் படத்தில் ஒரே கனமாகத் தெரியும். ஒற்றை முடியை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்க்கச் சொன்னேன். எதுவும் தட்டுப்படவில்லை என்றார். அப்படியானால் மெல்லிய இழை, அடர்த்தி அதிகம், அலை. கனத்தைக் குறைக்க தின்னிங் கத்தரியைப் போட்டால் உள்ளே குட்டைத் துண்டுகள் உருவாகி, ஈரக்காற்றில் பறந்து நிற்கும். எனவே நுனியைக் கனமாக விட்டு, கீழ்ப்பகுதியில் மட்டும் நீளமான லேயர். பராமரிப்புக்கு கெட்டி கிரீம் வேண்டாம், அலை அமுங்கிவிடும். ஈரமாக இருக்கும்போதே லேசான லீவ்-இன் கண்டிஷனர், நுனிப் பாதிக்கு மட்டும்.

ரீபாண்டிங் செய்தவர்களுக்குக் காய்ந்த படமும் முழு உண்மையைச் சொல்லாது. வேரருகே புதிதாக வளர்ந்த பகுதியைத் தனியாகக் கிட்டத்தில் எடுத்து அனுப்ப வேண்டும். மிக இறுக்கமான சுருள் முடியில் எனக்குப் பழக்கம் குறைவு. அது எவ்வளவு மேலே ஏறும் என்று படத்தை வைத்துக் கணக்கிட மாட்டேன். காய்ந்த முடியோடு நேரில் வரச் சொல்லி, சுருள் சுருளாகப் பார்த்துத்தான் வெட்டுவேன்.