சாந்தின், சாந்துவின்: ஒரு செபவரியில் இரண்டு வழிகள்

மணப்பாட்டில் என் ஆச்சி வீட்டில் சாயங்காலச் செபத்தைத் தொடங்கும் வரி ஒன்றுதான். ஆனால் அது இரண்டு விதமாகக் கேட்கும். ஆச்சி சொல்வது: "பிதாவுடையவும், சுதனுடையவும், இஸ்பிரீத்து சாந்துவினுடையவும் நாமத்தினாலே." பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் அக்கா மகள் சொல்வது: "தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே." ஒரு நாள் செபம் முடிந்ததும் அவள் கேட்டாள்: "ஆச்சி, சாந்து என்றால் சுவரில் பூசுவதுதானே? சாமிக்கு எதற்கு அந்தப் பெயர்?" ஆச்சி, "வாயை மூடடி" என்று சொல்லிவிட்டார். எனக்கு மட்டும் அந்தக் கேள்வி வாயை மூடவில்லை.

பிறமொழிச் சொல்லை எடுத்துக்கொள்ள இரண்டு வழிகள் உண்டு. அதன் ஓசையைத் தமிழ் வாய்க்கு ஏற்றபடி மாற்றி அப்படியே வைத்துக்கொள்வது ஒன்று, அது கடன்சொல். அதன் உறுப்புகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தமிழ் உறுப்பைப் பொருத்திக் கட்டுவது மற்றொன்று. இதை இங்கே பெயர்ப்புச்சொல் என்று வைத்துக்கொள்கிறேன். தொலைபேசி, கருந்துளை, பனிப்போர் எல்லாம் இரண்டாம் வகை. இரண்டையும் ஒப்பிட எழுதுகிறவர்கள் வழக்கமாகக் கணினிச் சொற்களிடம் போவார்கள். அவற்றுக்கு வயது போதாது. ஒரே பொருளுக்கு இரு வழிகளும் நூற்றாண்டுக் கணக்கில் ஓடிய தடம் வேண்டுமானால் முத்துக்குளித்துறைக் கரைக்கு வரவேண்டும். புன்னைக்காயலும் மணப்பாடும் இப்போது தூத்துக்குடி மாவட்டம் என்றாலும், 1986 வரை திருநெல்வேலிதான்.

முதலில் ஓசை. ஆச்சியின் 'இஸ்பிரீத்து சாந்து' இந்தக் கரைக்கு வந்த போர்ச்சுக்கீசியரின் சொல். தூய ஆவிக்கு அவர்கள் மொழியில் 'எஸ்பிரித்து சாந்து' என்பதை ஒட்டிய உச்சரிப்பு. எழுத்தில் 'ஓ'வில் முடிந்தாலும் வாயில் அது 'உ'வாகத்தான் ஒலிக்கும். அந்தக் கடைசி உகரம் தமிழுக்கு வாய்ப்பாக அமைந்துவிட்டது. முதலில் நிற்கும் இகரத்தைப் பற்றித்தான் அவசரப்படக் கூடாது. 'ஸ்கூல்' என்பது 'இஸ்கூல்' ஆவதுபோல, சொல்லின் முதலில் கூட்டெழுத்து நிற்காது என்பதால் தமிழன் இகரம் சேர்த்தான் என்று சொல்லத் தோன்றும். ஆனால் போர்ச்சுக்கீசிலேயே அங்கே ஓர் உயிர் இருக்கிறது. ஆகவே இந்த ஒரு சொல்லை வைத்துத் தமிழின் வேலை இது என்று அறுதியிட முடியாது. 1579இல் அச்சான 'கிரிசித்தியானி வணக்கம்' என்ற நூலின் தலைப்பைப் பாருங்கள். அங்கே தமிழ் வாய் செய்த வேலை ஐயமில்லாமல் தெரியும். முதலில் நின்ற கூட்டெழுத்து 'கிரி' என்று பிரிந்தது, நடுவில் நின்றது 'சித்தி' என்று பிரிந்தது, ஸகரம் சகரமானது. வடசொல்லைப் பற்றித் தொல்காப்பியம் "வடவெழுத் தொரீஇ", அதாவது வடமொழிக்கே உரிய எழுத்தை விலக்கி, என்று சொன்னதை, அந்த நூலைத் தமிழாக்கிய, புன்னைக்காயலில் வாழ்ந்த அன்றிக்கே அன்றிக்கசு பாதிரியார் மேல்நாட்டுச் சொல்லுக்குச் செய்திருக்கிறார்.

எந்த ஊர்க்காரன் வாயிலிருந்து சொல் வந்தது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல குறி உண்டு. போர்ச்சுக்கீசியரின் த-ஓசை பல்லில் பிறப்பது. ஆங்கிலேயரின் ட-ஓசை அதற்குச் சற்று மேலே பிறப்பது. தமிழ்க் காது முன்னதைத் தகரமாகவும் பின்னதை டகரமாகவும் கேட்டது. பாளையங்கோட்டையில் நான் சட்டை தைக்கும் கடையில் இதை நேரில் பார்க்கலாம். வயதான தையற்காரர் "பொத்தான் அறுந்துவிட்டது" என்பார். அவர் மகன் "பட்டன் வைத்துத் தருகிறேன்" என்பான். ஒரே பழைய பிரெஞ்சுச் சொல் ஐரோப்பாவில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று போர்ச்சுக்கீசு வழியாகவும் மற்றொன்று ஆங்கிலம் வழியாகவும் வந்து, ஒரே தையல் மேசையில் மறுபடி சந்தித்திருக்கிறது. 'சாந்து' என்பது 'சாண்ட்டு' ஆகாமல் தகரத்தோடு நிற்பதும் இதனால்தான். கடன்சொல் தன் வழித்தடத்தை உடம்பிலேயே சுமந்துகொண்டு வருகிறது. பெயர்ப்புச்சொல்லிடம் அந்தத் தடம் இல்லை. 'தூய ஆவி' எந்த மொழியிலிருந்து வந்தது என்று அந்தச் சொல்லை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

இப்போது அக்கா மகளின் கேள்வி. கடன்சொல்லுக்கு எதிராகச் சொல்லப்படும் பெரிய குற்றச்சாட்டு அதுதான்: உள்ளே பொருள் இல்லை, அதனால் ஓசை ஒத்த ஏதோ ஒரு தமிழ்ச்சொல்லின் பொருள் வந்து உட்கார்ந்துகொள்ளும். சுண்ணாம்புச் சாந்து, நெற்றிச் சாந்து இரண்டும் இங்கே காத்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் ஆச்சியின் வரியை உற்றுக் கேட்டால், தமிழ் இலக்கணம் இதற்கு ஏற்கெனவே காவல் போட்டிருப்பது தெரியும். சுவரில் பூசும் சாந்துக்கு வேற்றுமை உருபு சேர்த்தால் 'சாந்தின்' ஆகும், குற்றியலுகரம் கெட்டுவிடும். ஆச்சி சொல்வது 'சாந்துவின்'. உகரம் கெடாமல் நின்று, நடுவே வகரம் வருகிறது. எங்கள் கரையில் இதற்கு எடுத்துக்காட்டு தேடி அலைய வேண்டாம்: கடலில் எடுப்பது 'முத்தின்' விலை, பக்கத்து வீட்டுக்காரர் 'முத்துவின்' படகு. பொருளின் பெயர் என்றால் உகரத்தை விடுகிறோம். ஆளின் பெயர் என்றால் அதைச் சிதைக்காமல் வைத்துக்கொள்கிறோம். 'கிறிஸ்துவின்' என்பதும் அப்படியே. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் தலைமுறை தலைமுறையாக அந்த வரியைச் சொல்லி, இது பொருள் அல்ல, ஆள் என்பதை ஒரு வகரத்தால் காட்டி வந்திருக்கிறார்கள்.

பெயர்ப்புச்சொல் தடுக்கி விழுந்ததும் இதே இடத்தில்தான். ஆவி என்ற தேர்வு மிக நல்லது. எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் அந்தச் சொல்லுக்கு அடியில் மூச்சு இருக்கிறது. தமிழ் ஆவியிலும் மூச்சும் உயிரும் இருக்கின்றன, இட்லிக் கொப்பரையிலிருந்து கிளம்புவதும் இருக்கிறது. இவ்வளவு நெருக்கமான பொருத்தம் அபூர்வம். ஆனால் ஆவி தமிழில் அஃறிணை. "ஆவி இறங்கியது" என்று எழுதினால் இலக்கணம் சரி, இறையியல் தவறு. அதோடு, எங்கள் பக்கத்தில் "ஆவி இறங்கியது" என்றால் அடுத்த கேள்வி எந்தப் புளியமரத்திலிருந்து என்பதாக இருக்கும். ஆகவே சீர்திருத்தச் சபையினர் 'ஆவியானவர்' என்றார்கள். கத்தோலிக்கர் 'ஆவியார்' என்றார்கள். இரண்டும் ஒட்டுப்போட்ட வேலைதான். கடன்சொல்லுக்கு வகரம் தானாகவே வந்தது. பெயர்ப்புச்சொல்லுக்கு விகுதியைத் தேடிப்பிடித்து ஒட்டவேண்டியிருந்தது.

இன்னொரு வரம்பும் உண்டு. கிரேக்கத்தில் காற்றுக்கும் ஆவிக்கும் ஒரே சொல் வழங்கும். யோவான் நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தில், காற்று தன் விருப்பம்போல் வீசுகிறது, ஆவியால் பிறந்தவரும் அப்படியே என்று வரும் இடம் அந்த ஒரு சொல்லைச் சுழற்றி விளையாடுகிறது. தமிழில் 'காற்று' என்று ஒன்றும் 'ஆவி' என்று ஒன்றும் எழுதியாக வேண்டும்; விளையாட்டு போய்விடும், உவமை மட்டும் மிஞ்சும். உறுப்புக்கு உறுப்பு பொருத்துகிறவன் கையில் எல்லா இடத்துக்கும் பொருந்தும் உறுப்பு இருப்பதில்லை.

பொருத்துகிறவனுக்கு மொழி தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இந்தக் கரையே சாட்சி. 1542இல் இங்கே வந்த பிரான்சிஸ் சேவியர், உள்ளூர் ஆட்களின் உதவியோடு செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். 'நம்புகிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல் புகுந்துவிட்டது. 1544இல் உடன் பணியாளர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், அதை நீக்கிவிட்டு விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லைச் சொல்லும்படி அவரே திருத்தினார். கடவுளை நம்புகிறேன் என்று சொல்ல வேண்டியவர்கள் அதுவரை கடவுள் வேணும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மோசமான வேண்டுதல் என்று சொல்லமாட்டேன், ஆனால் மூலத்தில் அது இல்லை. பெயர்ப்பில் நேரும் பிழை இப்படித்தான் மறைந்திருக்கும்: கேட்க நல்ல தமிழாக இருக்கும், யாருக்கும் ஐயம் வராது. கடன்சொல்லில் பிழை நேர்ந்தால் அதிகம் போனால் ஓசை கோணும். முதல் தலைமுறைப் பாதிரிமார் இறையியலின் முக்கியச் சொற்களை ஓசையோடே வைத்துக்கொண்டது சோம்பலால் என்று நான் நினைக்கவில்லை.

பொதுவாக ஒன்று சொல்வார்கள்: கடன்சொல்லை மக்கள் வாய் பரப்பும், பெயர்ப்புச்சொல்லைப் புத்தகம் பரப்பும் என்று. பொத்தானுக்கு அது சரி. இஸ்பிரீத்து சாந்துவுக்குச் சரியில்லை. ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவர்கள் மனப்பாடம் செய்ய வைத்துத்தான் அது நின்றது; 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வழிபாடு மக்கள் மொழிக்கு மாறியபோது, சொல்லிக்கொடுத்த அதே திருச்சபை கையை எடுத்ததும் அது நகர்ந்துவிட்டது. பொத்தானை யாரும் கட்டளையிட்டு நீக்க முடியாது.

ஊர்ப்பெயர்களில் மட்டும் பெயர்ப்புக்கு இடமே கிடைக்கவில்லை. நாசரேத் ஓசையோடு வந்தது. சாயர்புரம் பாதி ஓசை, பாதி தமிழ். மெஞ்ஞானபுரம் புதிதாகக் கட்டியது. பெத்லகேமின் எபிரேய உறுப்புகளுக்கு 'அப்பத்தின் வீடு' என்று பொருள். யாரும் 'அப்பவீடு' என்று ஊர் வைக்கவில்லை. வைத்திருந்தால் மாவரைக்கும் கடை என்று நினைத்திருப்பார்கள்.

ஆச்சியின் வரியில் நான் கடைசியாகக் கவனித்தது சொல்லை அல்ல, உருபுகளை. "பிதாவுடையவும், சுதனுடையவும், இஸ்பிரீத்து சாந்துவினுடையவும்": இலத்தீனில் மூன்று பெயருக்கும் தனித்தனியே வேற்றுமை உருபு, இடையிடையே நம் 'உம்' போன்ற இணைப்புச்சொல். அந்த எலும்புக்கூடு அப்படியே இங்கே இருக்கிறது. உடைய என்பதோடு உம்மையைக் கோப்பது மலையாளத்துக்கு இயல்பு. தமிழில் தையல் வெளியே தெரிகிறது. ஆக, ஓசைக்கடன் என்று நான் ஒரு பக்கம் நிறுத்திய வரியின் இலக்கணமே பெயர்ப்புதான். அக்கா மகள் சொல்லும் "தந்தை, மகன், தூய ஆவியாரின்" என்பதில் உருபு ஒன்றே ஒன்று, கடைசியில். சொற்களைப் பெயர்த்தவர்கள் வாக்கிய அமைப்பைப் பெயர்க்காமல் தமிழுக்கே விட்டுவிட்டார்கள். இரண்டில் எது தமிழாக ஓடுகிறது என்று கேட்டால், எனக்குப் பின்னதுதான். எதில் அந்த ஆள் ஆளாகவே நிற்கிறார் என்று கேட்டால், அந்த வகரத்துக்காக ஆச்சியின் பக்கம் சாய்வேன்.

இருவரும் சேர்ந்து சொல்லும்போது சின்னவள் எப்போதும் முந்திவிடுவாள். அவள் வரி குட்டை. ஆச்சி 'நாமத்தினாலே' வரைக்கும் வந்து சேரும்வரை, நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் தொட்ட கையைக் குவித்துக்கொண்டு காத்திருப்பாள். பிறகு இருவரும் ஒன்றாக "ஆமென்" என்பார்கள்.