சீன பட்டன் தொழிற்சாலைக்கு ஒரே விசாரணைக் கடிதம்: ஆறு வருட அனுபவம்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குப் பட்டன், ஜிப் மாதிரியான உதிரிச் சாமான்கள் தருவது என் தொழில். 2019இலிருந்து போலோ டி-ஷர்ட்டுக்கான ரெசின் பட்டன்களைச் சீனாவிலிருந்து நேராக வரவழைக்கிறேன். பெரும்பாலும் செஜியாங் மாகாணத்தில் வென்சோ பக்கம் உள்ள சியாவ்தோவ் என்ற ஊரிலிருந்து. ஊர் முழுக்கப் பட்டன் தொழில்தான். இத்தனை வருடமும் புதிய தொழிற்சாலைகளுக்கு நான் அனுப்பி வருவது சீன மொழியில் எழுதிய ஒரே ஒரு மின்னஞ்சல். அடிபட்ட இடத்திலெல்லாம் ஒரு வரி மாறி, இன்று ஏறக்குறைய நிலையான வடிவத்துக்கு வந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் ஆங்கிலத்தில்தான் எழுதினேன். பத்துப் பேருக்கு அனுப்பினால் இரண்டு பேர் பதில் போடுவார்கள், அந்த இருவரும் வியாபாரிகளாக இருப்பார்கள். ஆர்டர் எடுத்து வேறொரு தொழிற்சாலையில் செய்து வாங்கி அனுப்புகிறவர்கள். பட்டன் வார்த்து, துளை போட்டு, சாயம் ஏற்றுகிற சின்னத் தொழிற்சாலையில் ஆங்கிலம் படிக்கிற ஆள் இருப்பதில்லை. சீனாவில் மருத்துவம் படித்துவிட்டு வந்திருந்த என் சித்தப்பா மகனிடம் கேட்டேன். "அண்ணா, எனக்குப் பேச வரும், வியாபாரக் கடிதம் எழுதிப் பழக்கமில்லையே" என்று தயங்கிக்கொண்டேதான் முதல் வடிவத்தை எழுதிக் கொடுத்தான். பிறகு யிவூ நகரில் சரக்கு சேர்த்து அனுப்பும் ஏஜென்டாக வேலை செய்யும் ஒரு சீனப் பெண்மணி அதைப் பாதியாகச் சுருக்கினார். நம் கம்பெனி வரலாறு, நீண்டகால நட்பை விரும்புகிறோம் என்பதெல்லாம் போயிற்று. தலைப்பு வரியிலேயே அளவும் எண்ணிக்கையும் வந்துவிட வேண்டும், அதைப் பார்த்துத்தான் திறப்பார்கள் என்றார்.

2020 ஜூன் 29 அன்று இந்தியாவில் 59 சீனச் செயலிகளைத் தடை செய்தபோது வீசாட்டும் அதில் போய்விட்டது. சீனத் தொழிற்சாலைக்காரர்கள் எதைக் கேட்டாலும் "வீசாட்டில் சேருங்கள்" என்பார்கள். நம்மால் முடியாது. ஆகவே அவர்களோடு பேச எனக்கு மின்னஞ்சல்தான் ஒரே வழி ஆனது. கடிதத்தின் கடைசியில் அதையும் ஒரு வரியாகச் சேர்த்தேன். அந்த வரி இல்லாத காலத்தில், வீசாட் எண்ணை மட்டும் அனுப்பிவிட்டு நான் சேருவேன் என்று காத்திருந்து விட்டுவிட்டவர்கள் உண்டு.

இப்போது நான் அனுப்புவது இதுதான். அளவு, நிறம், சாம்பிள், விலை, டெலிவரி நாள் என்று வரிசையாகக் கேட்கிறது:

```
主题:询价 18L四眼树脂纽扣 7200粒(50罗)

您好!我们是印度南部的服装辅料进口商。
首单7200粒,请报价:
1. 树脂,直径11.5mm,厚度3.0mm,四眼,哑光
   请注明孔径和孔距
2. 颜色按布样,参考潘通 19-4052 TCX
3. 先要现货样10粒,运费我方承担
   对色样打样费多少?下大货后能否退还?
4. 单价按粒还是按罗?是否含税?
5. 大货交期多少天?从哪天算起?
   春节前最晚哪天下单?
印度不能用微信,请邮件回复。盼复,谢谢!
```

இதில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கதை உண்டு. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

சாம்பிள் வரியில்தான் நான் முதலில் தவறினேன். ஆரம்பத்தில் தலைப்பிலேயே "இலவச சாம்பிள் வேண்டும்" என்று இருந்தது. இலவச சாம்பிள் மட்டும் வாங்கிக்கொண்டு காணாமல் போகிறவர்கள் அவர்களுக்கு நிறையப் பேர், அதனால் அந்தச் சொல்லைப் பார்த்ததும் கடிதத்தை ஒதுக்கிவிடுகிறார்கள். கூரியர் செலவு எங்களுடையது என்று மாற்றிய பிறகு பதில் வருவது கண்கூடாகக் கூடியது. பத்துப் பட்டனுக்கு அவர்கள் காசு கேட்டதே இல்லை.

அதைவிடப் பெரிய தவறு, சாம்பிள் என்று பொதுவாக எழுதியது. சாம்பிளில் வகை உண்டு. 现货样 என்றால் கையிருப்பில் இருப்பதில் எடுத்து அனுப்புவது. 对色样 என்றால் நம் துணிக்கு நிறம் சேர்த்துச் சாயம் ஏற்றிச் செய்து தருவது. முதல் ஆர்டரில் எனக்கு வந்தது கையிருப்பு சாம்பிள். அடர்நீலம், பார்க்க நன்றாகவே இருந்தது. சரி என்று எழுதிவிட்டேன். மொத்தச் சரக்கு வந்தபோது நிறம் ஒரு படி சிவப்பாக அடித்தது. கேட்டால், நீங்கள் பார்த்தது பட்டனின் தரத்துக்கான சாம்பிள், நிறத்துக்கு நீங்கள் எதையும் உறுதி செய்யவில்லையே என்றார்கள். கடிதத்தின்படி அவர்கள் சொன்னது சரிதான்.

அப்புறம்தான் இரண்டையும் தனித்தனியாகக் கேட்க ஆரம்பித்தேன். முதலில் கையிருப்பு சாம்பிளில் துளையின் சுத்தம், ஓரம், பின்பக்கம் எல்லாம் பார்ப்பேன். திருப்தி என்றால் துணியில் ஒரு துண்டு வெட்டி அனுப்புவேன். பான்டோன் நிற அட்டவணை எண்ணைக் குறிப்புக்கு மட்டும் கொடுக்கிறேன். ஏனென்றால் அந்த எண்ணின் கடைசியில் வரும் டிசிஎக்ஸ் என்பது பருத்தித் துணியில் சாயம் ஏற்றிய நிறம், அதே நிறம் ரெசினில் மினுமினுப்பால் வேறாகத் தெரியும். நிறம் சேர்ந்த பட்டனைப் பகல் வெளிச்சத்துக்கு நிகரான டி65 விளக்கின் கீழ் துணிமேல் வைத்துப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்கிறேன். குழல்விளக்கில் பார்த்து ஒப்புக்கொண்டு ஏமாந்ததும் உண்டு.

அடுத்தது அளவு. போலோ பட்டனை நாங்கள் 18 லைன் என்போம். ஒரு லைன் 0.635 மில்லிமீட்டர், ஆக 18 லைன் என்பது சுமார் 11.5 மில்லிமீட்டர். இது உலகம் முழுக்க ஒன்றுதான், குழப்பமில்லை. குழப்பம் வருவது சொல்லாமல் விட்ட அளவுகளில். 2021இல் ஒரு புதிய தொழிற்சாலையிடம் 18 லைன், நான்கு துளை என்று மட்டும் எழுதி வாங்கினேன். பட்டன் அழகு. ஆனால் கம்பெனியில் மெஷினில் வைத்துத் தைத்தபோது சில பட்டன்கள் விரிசல் விட்டன, ஊசியும் உடைந்தது. துளைக்கும் துளைக்கும் உள்ள தூரம் அந்தக் கம்பெனி வழக்கமாகத் தைக்கும் பட்டனைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்திருக்கிறது. மெஷின் பழைய தூரத்துக்கு நகர்கிறது, ஊசி துளையின் ஓரத்தில் அடிக்கிறது.

ஏற்றுமதித் துணியில் ஊசி உடைவது சாதாரண விஷயமில்லை. உடைந்த ஊசியின் எல்லாத் துண்டையும் தேடி எடுத்துப் பதிவேட்டில் ஒட்டிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் இருக்கும் துணி அத்தனையையும் ஒதுக்கிச் சோதிப்பார்கள். அன்று அந்தத் தையல் லைன் பாதி நாள் நின்றது. மெஷினைப் புதிய தூரத்துக்கு மாற்றி எப்படியோ ஓட்டினார்கள், ஆனால் அந்தக் கம்பெனியின் தையல் மேற்பார்வையாளர் இன்றும் என் பட்டனை ஸ்கேல் வைத்து அளக்காமல் உள்ளே விடுவதில்லை. அவர் செய்வது சரி. அதன் பிறகுதான் துளையின் விட்டம், துளைகளுக்கிடையே தூரம் இரண்டையும் அவர்களே எழுதித் தர வேண்டும் என்ற வரி வந்தது. நல்ல தொழிற்சாலை இதற்கு ஒரு வரைபடமே அனுப்பும். இந்தக் கேள்வியைத் தாண்டிப்போய் விலையை மட்டும் எழுதுகிறவர் பெரும்பாலும் இடைத்தரகர்தான் என்பது என் அனுபவம்.

விலையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஒருமுறை வெறுமனே 8.5 என்று பதில் வந்தது. அது ஒரு கிராஸுக்கு, அதாவது 144 பட்டனுக்கு 8.5 யுவான் என்று பின்னால்தான் தெரிந்தது. கிராஸுக்கு அவர்கள் எழுத்து 罗. பட்டன் ஒன்றுக்கு என்றால் 粒. சீன மதிப்புக் கூட்டு வரி சேர்த்தா சேர்க்காமலா என்பதையும் கேட்டுவிடுங்கள், பிறகு கேட்டால் 13 சதவீதம் வரை ஏறும்.

டெலிவரி நாள்தான் எனக்கு அதிகச் செலவு வைத்தது. 2024 ஜனவரியில் ஆயிரம் கிராஸ் ஆர்டர். பதினைந்து நாள் என்று எழுதியிருந்தார்கள். முன்பணம் ஜனவரி 15 அன்று போட்டேன், மாத முடிவில் சரக்கு தயாராகும் என்று கணக்குப் போட்டு கம்பெனிக்குத் தேதியும் சொல்லிவிட்டேன். நிற சாம்பிள் எனக்கு வந்து நான் ஒப்புக்கொண்டது ஜனவரி 24. அவர்களுடைய பதினைந்து நாள் அன்றுதான் தொடங்குகிறது. அந்த வருடம் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 10. ஊருக்குப் போகும் தொழிலாளர்கள் முன்கூட்டியே கிளம்பிவிட, தொழிற்சாலை ஜனவரி 31 அன்றே மூடிவிட்டது. விளக்குத் திருவிழா பிப்ரவரி 24. அதற்குப் பிறகுதான் ஆட்கள் முழுதாகத் திரும்பினார்கள். சரக்கு நிங்போ துறைமுகத்தில் ஏஜென்டின் கிடங்குக்கு வந்தது மார்ச் 9. கப்பலில் வர வேண்டியதை விமானத்தில் ஏற்றினேன், அந்த ஆர்டரில் லாபம் மிஞ்சவில்லை.

அவர்கள் பொய் சொல்லவில்லை. 交期 என்ற சொல்லுக்கு அவர்களிடத்தில் சரக்கு தொழிற்சாலையில் தயாராகும் நாள் என்றுதான் பொருள், நம் கைக்கு வரும் நாள் அல்ல. எந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள் என்பதையும் நான் கேட்டிருக்கவில்லை. இப்போது அந்தக் கேள்வியோடு, புத்தாண்டுக்கு முன் அனுப்ப வேண்டுமானால் கடைசியாக எந்தத் தேதிக்குள் ஆர்டர் தர வேண்டும் என்ற வரியும் இருக்கிறது. வசந்தகாலத்தில் எழுதினாலும் அந்த வரியை எடுப்பதில்லை, சும்மா இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். தேதியோடு பதில் சொல்கிற தொழிற்சாலை தன் உற்பத்தியைத் திட்டமிட்டு நடத்துகிறது என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது.

இந்தக் கடிதத்தால் முடியாததும் உண்டு. எதிரில் இருப்பது தொழிற்சாலையா வியாபாரியா என்று கடிதத்தைக் கொண்டு உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டாவது கடிதத்தில் தொழில் உரிமத்தின் நகல் கேட்கிறேன். அதில் என்னென்ன தொழில் செய்யலாம் என்ற பகுதியில் உற்பத்தி, பதப்படுத்தல் என்ற சொற்கள் இருக்கின்றனவா, விற்பனை மட்டும்தானா என்று பார்ப்பேன். 18 இலக்கப் பதிவு எண்ணும் அதில் இருக்கும். கேட்டதும் அனுப்புகிறவர்களே அதிகம்.

ஆர்டர் உறுதியான பிறகு இன்னொரு வேலை மிச்சம் இருக்கிறது. ஒப்புக்கொண்ட பட்டனில் பத்தை ஒரு பையிலும் பத்தை இன்னொரு பையிலும் போட்டு ஒட்டி, தேதியும் கையெழுத்தும் போட்டு ஒன்றை அவர்களுக்கு அனுப்புகிறேன். 封样 என்பார்கள். சரக்கு வந்ததும் என் பையைப் பிரித்து ஜன்னலோரம் வைத்து, பெட்டிக்கு ஒரு கைப்பிடி எடுத்து ஒப்பிடுகிறேன். போன தீபாவளிக்கு முன் வந்த சரக்கில் ஒரு பெட்டி மட்டும் வெளிறி இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படமெடுத்து அனுப்பினேன், மறுவாரம் மாற்றுப் பெட்டி கூரியரில் வந்தது.