வி.ஜி.ஏ. கணினியும் எச்.டி.எம்.ஐ. ரீவியும்: இரண்டரை வருடப் பாவனைக்குப் பிறகு

கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். பாடக்குறிப்புகளைப் பெரிதாகக் காட்ட 32 அங்குல ரீவி ஒன்று வாங்கினேன். என் பழைய கணினியின் பின்பக்கம் படம் வெளியே வர இருப்பது நீல நிற வி.ஜி.ஏ. துளை மட்டும், ரீவியில் எச்.டி.எம்.ஐ. மட்டும். நகரில் ஒரு கடையில் ஒரு முனை வி.ஜி.ஏ., மறுமுனை எச்.டி.எம்.ஐ. உள்ள வயர் ஒன்றைத் தந்து "குத்தினால் சரி" என்றார்கள். குத்தினேன். திரையில் No Signal. ரெசலூஷனைக் குறைத்தேன், ரீவியின் அடுத்த துளையில் மாட்டினேன், கணினியை அணைத்துப் போட்டேன். மூன்று நாள் அதோடே போனது.

மச்சான் ரீவி திருத்துகிறவர். மீற்றரை எடுத்து ஒரு முனையில் ஒரு பின்னையும் மறுமுனையில் ஒவ்வொரு பின்னாகவும் தொட்டுக்கொண்டு போனார். ஓரிடத்தில் பீப் என்றது. "பாருங்கோ, நேர்க் கம்பி. இதுக்குள்ள ஒண்டுமில்லை" என்றார். வயரை வெட்டியும் காட்டினார். சிப் என்று ஒரு துண்டுகூட இல்லை.

வி.ஜி.ஏ.யில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிக் கம்பியில் மின்னழுத்தமாக வரும். 0 வோல்ட் என்றால் அந்த நிறமே இல்லை, 0.7 வோல்ட் என்றால் முழு வெளிச்சம், இடையில் எந்த அளவும் வரலாம். எச்.டி.எம்.ஐ.யில் ஓடுவது எண்கள். 1080 கோட்டுப் படம் நொடிக்கு 60 தடவை போகும்போது, ஒவ்வொரு நிறத்துக்கும் நொடிக்கு 148.5 கோடி பிட். மின்னழுத்தத்தை அளந்து எண்ணாக்க ஒரு சிப் வேண்டும், அந்தச் சிப்புக்கு மின்சாரமும் வேண்டும். வெறும் கம்பி எவ்வளவு நல்ல கம்பியாக இருந்தாலும் அளக்காது. சில கணினிகளில் படம் வெளியே வர டி.வி.ஐ. என்று இன்னொரு வகைத் துளை இருக்கும்; அதில் மாட்டும் டி.வி.ஐ.-வி.ஜி.ஏ. தலை சிப் இல்லாமல் வேலை செய்கிறதே என்று மச்சானைக் கேட்டேன். சில டி.வி.ஐ. துளைகளில் வி.ஜி.ஏ. சிக்னலுக்கென்றே தனிப் பின்கள் உண்டாம். எச்.டி.எம்.ஐ.யில் அப்படி எதுவும் இல்லை.

அடுத்து வாங்கியதுதான் அந்தச் சிப் உள்ள கொன்வேட்டர். அதிலும் ஏமாற இடமுண்டு, ஏனென்றால் எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.க்கு மாற்றுவதும் பார்வைக்கு இதே மாதிரித்தான். அதைத் திருப்பி மாட்டினால் வேலை செய்யாது. நான் இப்போது முனையைப் பார்த்துத்தான் வாங்குவேன். கணினியில் குத்துவதற்கு வி.ஜி.ஏ. பக்கம் ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், எச்.டி.எம்.ஐ. பக்கம் துளை இருக்க வேண்டும். கூடவே மின்சாரத்துக்கு யூ.எஸ்.பி. வயரும், சத்தத்துக்கு 3.5 மில்லிமீற்றர் ஓடியோ வயரும் இருக்கும். வி.ஜி.ஏ.யில் சத்தம் வராது. அந்த வயரைக் கணினியின் பச்சைத் துளையில் மாட்டாவிட்டால் ரீவி ஊமையாகத்தான் நிற்கும்.

இரண்டரை வருடமாக அதுதான் ஓடுகிறது. முதல் மாதம் ஒரு குறை. பின்வரிசைப் பிள்ளைகள் "சேர், அது றன்னகரமா, டண்ணகரமா?" என்று கேட்டார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் ண-வின் மூன்று சுழிகளும் ஒன்றோடொன்று ஒட்டி, ன போலவே தெரிந்தது. வி.ஜி.ஏ. ஒரு படமும் அதன் ஒவ்வொரு கோடும் எப்போது தொடங்குகின்றன என்று மட்டும்தான் சொல்லும். புள்ளி எங்கே தொடங்குகிறது என்று சொல்லாது. 1920 புள்ளிப் படத்தில், கண்ணுக்குத் தெரியாத இடைவெளியும் சேர்த்து, ஒரு கோட்டைக் கொன்வேட்டரே 2200 துண்டாகப் பிரிக்க வேண்டும். வெட்டும் இடம் கொஞ்சம் தள்ளினால் பக்கத்துப் புள்ளி கலந்துவிடும். கணினியில் 1366×768 இருந்ததை 1920×1080, 60 ஹேர்ட்ஸ் ஆக்கினேன். அப்புறம், திரை நிறைய வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு கொன்வேட்டரின் யூ.எஸ்.பி.யைக் கழற்றி மாட்டினேன். படத்தின் ஓரங்களை அது தானாகத் தேடிப் பிடிக்கிறது. கறுப்புப் பின்னணியாக இருந்தால் ஓரம் தெரியாமல் படம் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். சுழிகள் பிரிந்து தெரிந்தன. ஆனாலும் நேர் எச்.டி.எம்.ஐ. படத்தின் கூர்மை இதில் வராது. மிகச் சிறிய எழுத்தின் ஓரத்தில் மெல்லிய நிழல் இன்றும் இருக்கிறது.

யூ.எஸ்.பி.யைக் கணினியின் பின்பக்கத் துளையிலேயே குத்துங்கள். ஒருமுறை மலிவான போன் சார்ஜரில் மாட்டினேன். திரையில் மெல்லிய கோடுகள் மேலே ஏறிக்கொண்டே இருந்தன. மாற்றியதும் போய்விட்டன. படம் இடைக்கிடை மறைந்தால் நான் முதலில் பார்ப்பதும் அந்த யூ.எஸ்.பி. தலையைத்தான்.

போன மாதம் பக்கத்து வீட்டுத் தம்பி தன் கணினிக்கும் இதே கொன்வேட்டர் வேண்டுமென்று வந்தார். பின்பக்கத்தைப் பார்த்தேன். வி.ஜி.ஏ.க்குப் பக்கத்தில் வெள்ளை நிறத்தில் டி.வி.ஐ. துளை ஒன்று. அதில் ஏற்கெனவே எண்களாகத்தான் போகிறது, அதுவும் எச்.டி.எம்.ஐ. படத்தை அனுப்பும் அதே முறையில். அதனால் டி.வி.ஐ.-எச்.டி.எம்.ஐ. வெறும் வயரே போதும் என்று சொல்லி அனுப்பினேன். அன்று இரவே படம் வந்துவிட்டது. சத்தத்துக்கு மட்டும் ஸ்பீக்கரைத் தனியாக மாட்டியிருக்கிறார்.