படத்தைக் கொடுத்துத் தேடினால்: சொந்தப் புகைப்படத்துக்கு ஏன் விடை வருவதில்லை

கூகுள் லென்ஸ், டின்ஐ, யாண்டெக்ஸ், பிங் ஆகிய நான்கு படத் தேடல் கருவிகளையும் நெடுநாள் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு விஷயம் பிடிபட்டிருக்கும். செய்திப் படம், சினிமா ஸ்டில், விளம்பரப் படம் என்றால் இவை நொடியில் மூலத்தைக் காட்டிவிடும். வீட்டு ஆல்பத்தில் மட்டுமே இருக்கும் படத்தைக் கொடுத்தால் ஒன்றும் தேறாது, அல்லது சம்பந்தமில்லாத படங்கள் பக்கம் பக்கமாக வரும். இதைக் கருவியின் கோளாறு என்று நினைக்க வேண்டாம். இவை உலகத்தில் தேடுவதில்லை. தங்கள் பட்டியலில் ஏற்கெனவே சேர்த்துவைத்த படங்களில் மட்டுமே தேடுகின்றன.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் முன்னால் எட்டுப் பேர் நிற்கும் ஒரு குடும்பப் படத்தை எடுத்துக்கொள்வோம். போனில் எடுத்தது, 4000 × 3000 பிக்சல். வாட்ஸ்அப் குழுவில் மட்டும் பகிர்ந்தது.

முதல் வகைத் தேடல் நகல் தேடல். டின்ஐ அடிப்படையில் இந்த வகைதான். படத்தின் சுருக்கமான அடையாளத்தைக் கணக்கிட்டு, அதே அடையாளம் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கும். உள்ளே ஓடும் முறை ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு. ஆனால் எல்லோருக்கும் கிடைக்கும் dHash என்ற எளிய முறையைப் பார்த்தாலே தத்துவம் விளங்கிவிடும். படத்தை 9 கட்டம் அகலம், 8 கட்டம் உயரமாகச் சுருக்கிக் கறுப்பு வெள்ளை ஆக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்தையும் வலப்பக்கக் கட்டத்தோடு ஒப்பிட்டு, எது வெளிச்சம் கூடியது என்பதை 0 அல்லது 1 என்று குறிக்க வேண்டும். வரிசைக்கு 8 ஒப்பீடு, 8 வரிசை, மொத்தம் 64 குறிகள். இரண்டு படங்களுக்கு எத்தனை குறிகள் வேறுபடுகின்றன என்று எண்ணினால், அதுதான் அவற்றுக்கு இடையிலான தூரம்.

நம் குடும்பப் படத்தை வாட்ஸ்அப் ஏறத்தாழ 1600 பிக்சலுக்குச் சுருக்கி அனுப்பும். அந்த நகலுக்கும் மூலத்துக்கும் தூரம் பெரும்பாலும் 0 அல்லது அதையொட்டித்தான் இருக்கும், ஏனென்றால் வெளிச்சமும் நிழலும் இருக்கும் இடம் மாறவில்லை. தொடர்பில்லாத இரண்டு படங்களுக்கு 64இல் பாதி, அதாவது 32ஐ ஒட்டி வரும். சுமார் 10க்குள் இருந்தால் நகலாக இருக்கலாம் என்பது பழக்கத்தில் உள்ள எல்லை. படத்தை இடம் வலமாகத் திருப்பினால் ஒப்பீடுகள் எல்லாமே தலைகீழாகிவிடும், தூரம் எகிறும். ஓரத்தை நன்றாக வெட்டினாலும் கட்டங்கள் நகர்ந்துபோகும். பெரிய தேடுபொறிகள் படத்தில் உள்ள பொருள்களின் மூலைகள், விளிம்புகள் போன்ற நூற்றுக்கணக்கான புள்ளிகளையும் ஒப்பிடுவதால் வெட்டலைத் தாங்கும். ஆனால் திருப்பலில் அவையும் அடிக்கடி கோட்டைவிடும்.

இவ்வளவு கணக்கும் நம் படத்துக்கு உதவாது. அதன் நகல் வாட்ஸ்அப் குழுவில் மட்டுமே இருக்கிறது, அங்கே எந்தத் தேடுபொறியும் நுழைய முடியாது. பூட்டிய இன்ஸ்டாகிராம் கணக்கு, நண்பர்களுக்கு மட்டும் திறந்த பேஸ்புக் பதிவு, கூகுள் போட்டோஸ், பென்டிரைவ் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய இணையப் பக்கத்தில் படம் இருக்க வேண்டும், தேடுபொறியின் ரோபோ அங்கே வந்துபோயிருக்க வேண்டும், அந்தப் படத்தைப் பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தப் படம் அதற்கு இல்லாததுதான். டின்ஐ பட்டியலில் பல ஆயிரம் கோடிப் படங்கள் உண்டு, நம்முடையது அதில் இல்லை. அது நேர்மையாக 0 results என்று காட்டிவிடும். எங்களுக்குப் பிடித்ததும் இந்த நேர்மைதான்.

கூகுள் லென்ஸ் அப்படிச் சொல்வதில்லை, பலர் ஏமாறுவதும் இங்கேதான். இதன் முக்கிய வேலை ஒப்புமைத் தேடல். படத்தில் என்ன இருக்கிறது என்பதை ஒரு நீண்ட எண் வரிசையாக மாற்றி, அதற்கு மிக அருகில் உள்ள வரிசைகளைத் தேடித் தரும். பட்டியலில் நம் படம் இல்லாவிட்டாலும் ஏதோ ஒன்று எப்போதும் மற்றவற்றைவிட அருகில் இருக்கும். அதனால் பக்கம் காலியாக வருவதே அபூர்வம். நம் குடும்பப் படத்தைக் கொடுத்தால் பெரிய கோயிலின் சுற்றுலாப் படங்கள் வரும், முன்வரிசையில் நிற்பவரின் பட்டுப்புடவை போன்ற புடவைகள் விற்பனைக்கு வரும். கோயிலை அது சரியாகக் கண்டுபிடித்துவிட்டது. நிற்பவர்களைப் பற்றி அதனிடம் ஒன்றுமில்லை. மனிதர் படங்களுக்கு முடிவுகளைக் கூகுள் வேண்டுமென்றே மட்டுப்படுத்துகிறது, டின்ஐ முகத்தை வைத்துத் தேடுவதே இல்லை. யாண்டெக்ஸ் முகச்சாயலைக் கொஞ்சம் தாராளமாகப் பார்க்கும். ஆனால் அது தருவது சாயல் ஒத்தவர்களை. அதை வைத்து ஒருவரை இன்னார் என்று முடிவுகட்டுவது ஆபத்து.

ஆகவே லென்ஸில் தேடும்போது முதலில் Exact matches என்ற பகுதியைத் திறக்க வேண்டும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் நகல் கிடைக்கவில்லை என்று பொருள், மற்றப் பகுதியில் எத்தனை படம் குவிந்தாலும் சரி. டின்ஐயில் Oldest என்று வரிசைப்படுத்தினால் வரும் தேதி, டின்ஐ அந்தப் படத்தை முதலில் பார்த்த நாள். படம் எடுத்த நாள் அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு படத்துக்கு வயது சொல்பவர்கள் நிறைய.

உங்கள் படத்தை யாராவது திருடிப் போலிக் கணக்குத் தொடங்கியிருக்கிறார்களா என்று பார்ப்பதாக இருந்தால், எட்டுப் பேர் நிற்கும் முழுப் படத்தைக் கொடுப்பதில் பயனில்லை. திருடுபவர் உங்கள் முகத்தை மட்டும் சதுரமாக வெட்டி வைத்திருப்பார், அது முழுப் படத்தில் மிகச் சிறிய பகுதி. அவர் வெட்டியிருக்கக்கூடிய மாதிரியே நீங்களும் தலையும் தோளும் வரும்படி வெட்டித் தேடுங்கள். பிறகு அதையே இடம் வலம் திருப்பி இன்னொரு முறை. ஸ்கிரீன்ஷாட் என்றால் மேலே உள்ள பேட்டரிக் குறி, கீழே உள்ள பொத்தான்கள், மேலே ஒட்டிய எழுத்து எல்லாவற்றையும் வெட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. வரன் பார்க்கும் இடத்திலோ வேலை தருகிறேன் என்பவரிடமிருந்தோ வந்த படத்தைத் தேடி எதுவும் வரவில்லை என்றால், அந்தப் படம் அவருடையதுதான் என்று நம்பிவிடாதீர்கள். பூட்டிய கணக்கிலிருந்து எடுத்த படத்துக்கும் இதே வெற்றுப் பக்கம்தான் வரும். நகல் கிடைத்தால் அது சான்று, கிடைக்காததை வைத்து எதையும் நிறுவ முடியாது. அந்த இடத்தில் வீடியோ அழைப்பு கேட்பதே சரி.

தனிப் படங்களுக்கு இந்த முறை நிஜமாகவே பயன்படும் இடம் உங்கள் சொந்தக் கணினிதான். இரண்டு கோப்புகள் ஒரே படமா என்று பார்க்க, பைத்தானில் `pip install imagehash` நிறுவிவிட்டு இதை ஓட்டலாம்:

```python
from PIL import Image
import imagehash
a = imagehash.dhash(Image.open("a.jpg"))
b = imagehash.dhash(Image.open("b.jpg"))
print(a - b)
```

வரும் எண்தான் மேலே சொன்ன தூரம். ஒரே நிமிடத்தில் அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களுக்கும் சிறிய எண்ணே வரும் என்பதை மறக்க வேண்டாம். ஒன்றில் பாட்டி கண் மூடியிருக்கலாம், மற்றதில் திறந்திருக்கலாம். 72 கட்டமாகச் சுருங்கும்போது அந்த வித்தியாசம் மறைந்துவிடும். அதனால் எண்ணை மட்டும் பார்த்து எதையும் அழிக்காமல், இரண்டையும் பெரிதாகத் திறந்து கண்ணால் பார்த்த பிறகே ஒன்றை நீக்குங்கள்.