தேன் கடையும் லுக்அலைக் ஆடியன்ஸும்: எங்கள் அனுபவம்

மார்த்தாண்டம் தேனும் கருப்பட்டியும் கூரியரில் அனுப்பும் எங்கள் கடைக்கு, மெட்டா விளம்பரத்தில் லுக்அலைக் ஆடியன்ஸை வெகுநாளாகப் பயன்படுத்துகிறோம். வாடிக்கையாளர் பட்டியலை ஏற்றினால், அவர்களைப் போன்ற புதியவர்களை அது தேடிக் காட்டும். இதன் பலன் முழுக்க அந்தப் பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

பட்டியலில் ஒரே நாட்டைச் சேர்ந்த 100 பேராவது மெட்டா கணக்குகளோடு பொருந்த வேண்டும். 1,000 முதல் 5,000 பேர் இருப்பது நல்லது என்பது மெட்டாவின் பரிந்துரை. அதனால் எல்லா பில்லையும் ஏற்றத் தோன்றும். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் அது சரிப்படாது. துபாயில் இருக்கும் மகன் பணம் கட்டுவார், பார்சல் குளச்சலில் இருக்கும் அம்மாவுக்குப் போகும். பில்லில் இருப்பது அம்மாவின் எண். அவர் எங்களிடம் வாங்கவும் இல்லை, விளம்பரத்துக்குச் சம்மதிக்கவும் இல்லை. அந்த எண்களை எடுத்துவிடுகிறோம். 971 என்று தொடங்கும் மகனின் எண்ணுக்கு முன்னால் 91 சேர்த்தால் அது யாருக்கும் பொருந்தாது. அப்படிப்பட்டவர்களுக்குத் தனிப் பட்டியல். ஓணத்துக்கு ஒரே முறை பரிசு வாங்கியவர்களையும் விட்டுவிட்டு, திரும்பத் திரும்ப வாங்குபவர்களை மட்டும் வைத்த பிறகுதான் புது ஆர்டர்களின் செலவு குறைந்தது.

டெலிவரிக்குக் கொடுத்த எண் டெலிவரிக்குத்தான். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் குறிப்பிட்ட நோக்கத்துக்கான சம்மதத்தையே கேட்கிறது. அதனால் விளம்பரப் பட்டியலில் சேர்க்கலாமா என்று வாட்ஸ்அப்பில் தமிழில் தனியாகக் கேட்கிறோம். சரி என்றவர்களின் எண்ணும் வாங்கிய தொகையும் மட்டும் ஃபைலில் போகும்:

```
phone,value
```

எங்கள் ஆர்டர் நோட்டில் "சுகர் இருக்கு, கருப்பட்டி வேண்டாம்" போன்ற குறிப்புகள் உண்டு. அவை எந்த ஃபைலுக்கும் போகக் கூடாது, ஆடியன்ஸின் பெயரில்கூட வரக் கூடாது.

ஏற்றுவதற்கு முன் எண்களை நம் பிரவுசரே SHA-256 முறையில் ஹாஷ் என்னும் குறியீடாக ஆக்கிவிடும். அதை வைத்து ஆள் அடையாளம் மறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். செல்போன் எண் பத்தே இலக்கம். எல்லா எண்களையும் ஹாஷ் ஆக்கி ஒப்பிட்டால் கண்டுபிடித்துவிடலாம். விளம்பரம் பார்த்துக்கொள்ளும் ஏஜென்சி ஒன்று எக்ஸெல் ஃபைலை மெயிலில் கேட்டது. அனுப்பவில்லை. விளம்பரக் கணக்கில் அவர்களுக்கு அனுமதி கொடுத்துவிட்டு, ஃபைலை நாங்களே ஏற்றி, பிறகு கணினியிலிருந்து அழித்துவிடுகிறோம்.

அளவு விஷயத்தில் ஒன்று: 1% லுக்அலைக் என்றால் நாடு முழுவதிலும் நம் பட்டியலை மிகவும் ஒத்த 1% பேர். அதைக் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மட்டும் என்று சுருக்கினால் ஆள் மிகவும் குறைந்து, அதே முகங்களுக்கே விளம்பரம் சுற்றும். எங்கள் நாகர்கோவில் கடைக்கு நேரில் ஆள் வர வேண்டுமென்றால் 5% வைப்போம். சென்னை, பெங்களூரு கூரியருக்கு 1% போதும். இரண்டிலும் பழைய வாடிக்கையாளர்களை விலக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் தானாக வருபவர்களுக்கும் காசு போகும்.

யாராவது "என் எண்ணை எடுத்துடுங்க" என்றால், மூலப் பட்டியலில் நீக்கும் வசதியில் அந்த எண்ணை ஏற்றுகிறோம். விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தால் லுக்அலைக் சில நாட்களில் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்.